சக்கர ஐபாட் நின்றுபோனாலும் கணினிக்குத் தெரியாமல் போனாலும்: அறிகுறி வாரியாகப் பழுது பார்க்கும் முறை

இந்தக் குறிப்பு, முகப்பில் தொடு சக்கரமும் உள்ளே ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டும் கொண்ட பழைய ஐபாடுகளுக்கானது. குறிப்பாக, 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடையும், 2007-இல் வந்து 2014 வரை விற்பனையில் இருந்த ஐபாட் கிளாசிக்கையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். முன்பக்கம் பளபளக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது ஐந்தாம் தலைமுறை. முன்பக்கமும் உலோகமாக இருந்தால் அது கிளாசிக். நானோ, ஷஃபிள், டச் ஆகியவற்றில் வன்தட்டு இல்லை என்பதால் கீழே சொல்லும் சோதனைகளில் பாதி அவற்றுக்குப் பொருந்தாது.

உறவினர்களும் நண்பர்களும் கொண்டுவந்து கொடுத்த ஐபாடுகளைப் பல ஆண்டுகளாகச் சரிசெய்து வருகிறேன். பேட்டரி பழுதும் வன்தட்டுப் பழுதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே தெரிகின்றன. பேட்டரி தளர்ந்துபோன கருவியை வன்தட்டு போய்விட்டதாக நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டையும் பிரித்தறிய, திருகாணி ஒன்றைக்கூடக் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளே போதும். அவற்றை எளியதிலிருந்து செலவு மிக்கது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் ஓர் எச்சரிக்கை. கணினித் திரையில் `Restore` என்ற பொத்தான் தெரிந்தவுடன் அதை அழுத்திவிடாதீர்கள். அது ஐபாடில் உள்ள பாடல்கள் அனைத்தையும் அழித்துவிட்டு மென்பொருளைப் புதிதாக ஏற்றும். பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் குறுந்தகட்டிலிருந்து எடுத்துச் சேர்த்த பாடல்கள் அந்தக் கருவியில் மட்டுமே எஞ்சியிருப்பது உண்டு. பாடல்களைப் படியெடுத்த பிறகுதான் அந்தப் பொத்தானின் பக்கம் போக வேண்டும். படியெடுக்கும் முறையை அறிகுறி 4-இன் இறுதியில் தந்திருக்கிறேன்.

## அறிகுறி 1: பாடலின் நடுவே நின்றுவிட்டது, எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை

முதலில் மேல் விளிம்பில் உள்ள ஹோல்டு விசையைப் பாருங்கள். அது பூட்டிய நிலையில் இருந்தால் விசையின் பக்கத்தில் ஆரஞ்சு நிறம் தெரியும். திரையில் சிறிய பூட்டுப் படமும் இருக்கும். பூட்டியில்லை என்று தெரிந்தாலும் ஒருமுறை பூட்டி, மீண்டும் திறந்துவிடுங்கள். பழைய கருவிகளில் இந்த விசையின் தொடுமுனை அழுக்கேறி, திறந்திருந்தாலும் பூட்டியதாகவே கருவி எடுத்துக்கொள்கிறது. நான்கைந்து முறை தள்ளி இழுத்தாலே சிலவற்றுக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்தது கட்டாய மறுதொடக்கம். மெனு பொத்தானையும் சக்கரத்தின் நடுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, ஆப்பிள் சின்னம் திரையில் வரும் வரை பிடித்திருக்க வேண்டும். ஆறு முதல் பத்து வினாடிகள் ஆகும். இதனால் பாடல்கள் அழியாது.

இதைச் செய்தும் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர், கருவியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே கட்டைவிரலால் இரண்டு பொத்தான்களையும் அழுத்த முயல்கிறார்கள். நடுப் பொத்தானை அழுத்தும் விரல் சக்கரத்தின் மீதும் பட்டால் கருவி அந்த அழுத்தலைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே கருவியை மேசைமீது படுக்க வையுங்கள். ஒரு கையின் ஆள்காட்டி விரல்நுனியால் நடுப் பொத்தானின் மையத்தையும், மற்றொரு கையின் விரலால் மெனு என்று எழுதியுள்ள இடத்தில் சக்கரத்தின் வெளிவிளிம்பையும் அழுத்துங்கள். வினாடிகளை மனத்துக்குள் எண்ணுங்கள். நான்கு வினாடிகளில் பொறுமையிழந்து விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

அப்படியும் சின்னம் வரவில்லையென்றால், கருவியைக் கணினியிலோ சார்ஜரிலோ இணைத்து, மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதே பொத்தான்களை மறுபடி அழுத்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால் எதிலும் இணைக்காமல் ஒரு முழுநாள் அப்படியே வைத்துவிடுங்கள். பேட்டரி தானாகத் தீர்ந்து கருவி அணைந்துவிடும். பிறகு ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, மீண்டும் மறுதொடக்கம் செய்யுங்கள்.

### மறுதொடக்கத்துக்குப் பின் சரியாகி, மீண்டும் நின்றுவிட்டால்

எந்தப் பாடலில் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பாடலில், ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால், அந்தக் கோப்பு கெட்டிருக்கிறது, அல்லது அது எழுதப்பட்டிருக்கும் வன்தட்டுப் பகுதி கெட்டிருக்கிறது. அந்தப் பாடலை ஐபாடிலிருந்து நீக்கிவிட்டு, கணினியில் அதே பாடல் முழுதும் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்து, பிறகு மறுபடி ஏற்றுங்கள். கணினியிலும் தடுமாறினால் கோப்புதான் குற்றவாளி. கணினியில் ஒழுங்காக ஓடி, மறுபடி ஏற்றிய பின் ஐபாடில் வேறு பாடல்களும் தடுமாறத் தொடங்கினால் அறிகுறி 5-க்குச் செல்லுங்கள்.

வெவ்வேறு பாடல்களில் நின்றால், கருவியின் முதுகைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த ஐபாடுகள் பாடலைத் தட்டிலிருந்து நேரடியாக ஓட்டுவதில்லை. அடுத்த சில பாடல்களைச் சேர்த்து நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, தட்டை நிறுத்திவிடுகின்றன. நினைவகத்தில் உள்ளவை தீரும்போது தட்டு மீண்டும் சுழலத் தொடங்கும். அந்த நேரத்தில் மெல்லிய ரீங்காரம் எழுவதைக் காதால் கேட்கலாம். ரீங்காரம் எழும் கணத்திலேயே கருவி நின்றுபோகிறது என்றால், சிக்கல் தட்டைச் சுழலவைப்பதில் இருக்கிறது. அதற்குக் காரணம் தட்டாகவும் இருக்கலாம், தட்டுக்குப் போதிய மின்சாரம் தர முடியாத பேட்டரியாகவும் இருக்கலாம். அடுத்த பகுதியின் சோதனை இதைத் தீர்மானித்துவிடும்.

## அறிகுறி 2: ஆப்பிள் சின்னம் வருகிறது, மறைகிறது, மறுபடி வருகிறது

இதைக் கண்டவுடன் வன்தட்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள் என்பேன். நின்றிருக்கும் தட்டைச் சுழலவைக்க, ஓடிக்கொண்டிருக்கும் தட்டை ஓட்டுவதைவிட அதிக மின்னோட்டம் வேண்டும். வயதான பேட்டரியின் உள்தடை கூடியிருக்கும். பாடலை மட்டும் ஒலிக்கவைக்கும் அளவுக்கு அதனால் மின்சாரம் தர முடியும். தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு வினாடிகளில் மின்னழுத்தம் சரிந்து, கருவி அணைந்து மீண்டும் தொடங்கும். சின்னம் வரும், தட்டு சுழல முயலும், அழுத்தம் சரியும், மறுபடி சின்னம் வரும். இந்தச் சுழற்சி பேட்டரி முற்றிலும் தீரும் வரை நடக்கும்.

சோதனை எளிது. கருவியை மின்சாரத்தில் இணைத்து வைத்தபடி மறுதொடக்கம் செய்யுங்கள். சில புதிய சுவர்ச் சார்ஜர்களை இந்தப் பழைய கருவிகள் ஏற்பதில்லை. ஐயம் இருந்தால் கணினியின் யூஎஸ்பி போர்ட்டில் இணையுங்கள். பேட்டரி மிகவும் தீர்ந்திருந்தால் அரை மணி நேரம் வரை திரை வெறுமையாகவோ பேட்டரிப் படத்துடனோ இருக்கும். அதுவரை பொறுத்திருந்து, பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். இணைத்திருக்கும்போது ஒழுங்காகத் தொடங்கி, கேபிளைப் பிடுங்கியதும் தடுமாறினால் பேட்டரிதான். இணைத்திருந்தாலும் சின்னத்தைத் தாண்டவில்லை என்றால், தட்டு அல்லது மென்பொருள்.

இந்த இரண்டாம் நிலையில், அதாவது இணைத்திருந்தும் சின்னத்தைத் தாண்டாதபோது, வட்டு முறையில் நுழைந்து பாருங்கள். மெனுவையும் நடுப் பொத்தானையும் அழுத்தி மறுதொடக்கம் செய்யுங்கள். சின்னம் தெரிந்தவுடன் அந்த இரண்டையும் விட்டுவிட்டு, நொடி தாமதிக்காமல் நடுப் பொத்தானையும் கீழே உள்ள பிளே பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். திரையில் `Disk Mode` என்ற எழுத்து வந்தால் வெற்றி. விரல் மாறுவதில் முதல் ஓரிரு முறை தவறும், மறுபடி முயலுங்கள். இந்த முறையில் கருவி வெறும் வெளிவட்டுபோல் நடந்துகொள்ளும். கணினி அதைத் திறந்து கோப்புகளைக் காட்டினால் தட்டு உயிரோடு இருக்கிறது, மென்பொருள்தான் கெட்டிருக்கிறது. பாடல்களைப் படியெடுத்துவிட்டு `Restore` கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

### ஒரு கருவியின் கதை

என் சித்தியின் 30 ஜிபி ஐந்தாம் தலைமுறை ஐபாட் இந்தச் சின்னச் சுழற்சியில்தான் சிக்கியிருந்தது. பழுது பார்க்கும் கடை ஒன்றில் வன்தட்டு முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்னிடம் வந்ததும் கணினியில் இணைத்தேன். இருபது நிமிடம்போலப் பேட்டரிப் படம் மட்டும் தெரிந்தது. பின் மறுதொடக்கம் கொடுத்ததும் பாடல் பட்டியல் முழுதாக வந்தது. இணைப்பைப் பிடுங்காமல், தட்டின் உடல்நிலையை, அறிகுறி 5-இல் விளக்கியிருக்கும் உள்சோதனை முறையில் பார்த்தேன். கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை இரண்டு வரிகளிலும் 0 என்று இருந்தது. சுவர்ச் சார்ஜரில் மாட்டி மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை.

அடுத்து, முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பிறகு கேபிளைப் பிடுங்கிவிட்டு, காதோடு வைத்துக் கேட்டேன். நான்கு பாடல்கள் ஒழுங்காக ஓடின. ஐந்தாவது தொடங்கவிருந்தபோது ரீங்காரம் எழுந்தது. உச்சத்தை எட்டுவதற்குள் அடங்கியது. திரை அணைந்து சின்னம் வந்தது. சார்ஜில் மாட்டியதும் பழையபடி ஓடியது. இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பேட்டரியை மட்டும் மாற்றினேன். திரையை அணைத்துத் தொடர்ந்து ஓடவிட்டதில் 12 மணி நேரம் வந்தது. அந்த மாதிரிக்குத் தயாரிப்பு நிறுவனம் சொன்னது 14 மணி நேரம். வன்தட்டு இன்றும் பழையதுதான்.

## அறிகுறி 3: திரை கறுப்பாகவே இருக்கிறது

ஓர் இருட்டறையில் கைவிளக்கைத் திரையின்மீது சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் கருவி ஓடுகிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. அமைப்புகளில் பின்விளக்கு நேரம் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அது சரியாக இருந்தும் வெளிச்சம் வரவில்லையெனில் திரையை மாற்ற வேண்டும். அது பழுது பார்ப்பவரின் வேலை.

ஒன்றுமே தெரியவில்லை என்றால், மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்ததா என்பதை நினைவுகூருங்கள். அப்படிக் கிடந்த கருவியின் பேட்டரி, சார்ஜ் ஏற்றத் தொடங்குவதற்கான மின்னழுத்தத்துக்கும் கீழே போயிருக்கும். கணினியில் இணைத்து, கணினி உறக்கநிலைக்குப் போகாதபடி அமைத்து, குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் தொடாமல் விடுங்கள். கணினி உறங்கிவிட்டால் பல இயந்திரங்களில் போர்ட்டுக்குப் போகும் மின்சாரமும் நின்றுவிடும். இரவு முழுதும் சார்ஜில் போட்டும் ஏறவில்லை என்று சொல்பவர்களுக்கு நடந்திருப்பது இதுதான். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும், வேறு கேபிளில் முயன்ற பிறகும் திரை விழிக்கவில்லையென்றால் பேட்டரி முற்றிலும் செத்துவிட்டது அல்லது உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் பழுது இருக்கிறது. பலகைப் பழுதை வீட்டில் சரிசெய்ய இயலாது.

## அறிகுறி 4: கணினியில் இணைத்தால் கண்டுகொள்வதில்லை

இங்கே கணினித் திரையைப் பார்ப்பதற்கு முன் ஐபாடின் திரையைப் பார்க்க வேண்டும். அது காட்டுவதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

### ஐபாடில் சார்ஜ் ஏறும் படம் மட்டும் வருகிறது, அல்லது எதுவும் வரவில்லை

மின்சாரம் மட்டும் போகிறது, தரவு போகவில்லை. குற்றம் கேபிள், போர்ட், ஐபாடின் அடியில் உள்ள 30 முனைத் துளை ஆகிய மூன்றில் ஒன்று. இந்தக் கேபிள்களின் போலிகளில் சிலவற்றில் தரவுக் கம்பிகளே இல்லை. வேறு எவருடைய கேபிளையாவது இரவல் வாங்கி முயல்வதுதான் மிக மலிவான சோதனை. யூஎஸ்பி பிரிப்பான் வழியாக இணைத்திருந்தால் அதை நீக்கி, கணினியிலேயே நேராகச் செருகுங்கள். மேசைக் கணினியானால் முன்பக்கப் போர்ட்டைவிடப் பின்பக்கப் போர்ட்டு நம்பகமானது.

பிறகு 30 முனைத் துளைக்குள் விளக்கடித்துப் பாருங்கள். சட்டைப்பையில் வாழ்ந்த கருவிகளில் நூல்பிசிறும் தூசியும் அழுந்தி ஒரு திரிபோல் திரண்டிருக்கும். கருவியை அணைத்து, ஹோல்டைப் பூட்டி, உலர்ந்த மென்மையான தூரிகையாலோ மரப் பல்குச்சியின் நுனியாலோ ஓரத்திலிருந்து மெல்ல வெளியே இழுங்கள். ஊசியோ குண்டூசியோ வேண்டாம். உள்ளே உள்ள முனைகள் மெல்லிய தகடுகள், ஒன்று வளைந்தாலும் பக்கத்து முனையில் முட்டும். ஒரு முனை வளைந்தோ பச்சைபிடித்தோ தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்.

### ஐபாடில் `Do not disconnect` என்று வருகிறது, ஆனால் கணினியில் தெரியவில்லை

கேபிளும் துளையும் நன்றாக இருக்கின்றன. சிக்கல் கணினிப் பக்கம் அல்லது தட்டின் அமைப்பில்.

விண்டோஸில் `Win + R` அழுத்தி, கீழே உள்ளதை இட்டு வட்டு மேலாண்மையைத் திறங்கள்.

```
diskmgmt.msc
```

ஐபாடின் கொள்ளளவில் ஒரு வட்டு அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அதற்கு ஆங்கில எழுத்து எதுவும் இல்லாமல் இருந்தால், அதன்மீது வலச்சொடுக்கி, வேறு எதற்கும் பயன்படாத ஓர் எழுத்தைக் கொடுங்கள். அலுவலக வலைப்பின்னல் வட்டுகள் இணைந்த மடிக்கணினிகளில் இந்த எழுத்து மோதல்தான் நான் அதிகம் கண்ட காரணம். ஐட்யூன்ஸை மூடித் திறந்தால் கருவி தென்பட்டுவிடும்.

வட்டைப் பயன்படுத்த அதை வடிவமைக்க வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால், மறுத்துவிடுங்கள். அந்த ஐபாட் முன்பு மாக் கணினியில் அமைக்கப்பட்டதாக இருக்கக்கூடும். மாக் அமைப்பை விண்டோஸ் படிக்காது. விண்டோஸ் அமைப்பை மாக் படிக்கும். ஐபாடின் அமைப்புகளில் `About` பக்கத்தில் `Windows` என்ற சொல் இல்லையெனில் அது மாக் அமைப்பு என்று கொள்ளலாம். பழைய கருவியை வேறொருவரிடமிருந்து வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. உள்ளே இருக்கும் பாடல்கள் வேண்டுமானால் ஒரு மாக்கில் இணைத்து எடுங்கள். வேண்டாமென்றால் விண்டோஸில் `Restore` கொடுத்துப் புதிதாக அமைத்துக்கொள்ளலாம்.

மாக்கில் 2019-இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் ஐட்யூன்ஸ் இல்லை. ஃபைண்டரின் பக்கப் பட்டியலில்தான் ஐபாட் தெரியும். ஐட்யூன்ஸைத் தேடிக்கொண்டிருந்துவிட்டுக் கருவி தெரியவில்லை என்று வருந்துபவர்கள் உண்டு.

இவை எதுவும் பலிக்காதபோது அறிகுறி 2-இல் சொன்ன வட்டு முறையில் கருவியை வைத்து இணையுங்கள். அப்போது தெரிந்தால் கருவியின் மென்பொருளில் பழுது. அப்போதும் வட்டு மேலாண்மையில் தெரியாவிட்டால் வன்தட்டையோ அதன் ரிப்பன் கேபிளையோ சந்தேகிக்க வேண்டும்.

### கணினி கண்டுகொண்டபின் பாடல்களைப் படியெடுத்தல்

பாடல்கள் `iPod_Control` என்னும் மறைந்த கோப்புறைக்குள், `F00`, `F01` என்று தொடங்கும் உட்கோப்புறைகளில், பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களில் இருக்கும். பெயர்களைப் பார்த்து அஞ்ச வேண்டாம். பாடல், பாடகர் விவரம் கோப்பின் உள்ளேயே இருப்பதால், கணினியின் இசைச் செயலியில் சேர்த்ததும் சரியான பெயர்கள் வந்துவிடும். ஐபாட் `E:` ஆகவும், படியெடுக்க வேண்டிய இடம் `D:` ஆகவும் இருந்தால், கட்டளைச் சாளரத்தில் இதை இடுங்கள்.

```
robocopy E:\iPod_Control\Music D:\ipod-music /E /R:1 /W:1
```

இறுதியில் உள்ள இரண்டு குறிகளும் முக்கியமானவை. அவை இல்லாவிட்டால், படிக்க முடியாத ஒரு கோப்பில் முட்டியதும் இந்தக் கட்டளை அதையே முப்பது வினாடிக்கு ஒருமுறை பத்து லட்சம் தடவை முயன்றுகொண்டிருக்கும். நலிந்த தட்டை அதுவே கொன்றுவிடும். இப்படிக் கொடுத்தால் ஒருமுறை மட்டும் மறுபடி முயன்றுவிட்டு அடுத்த பாடலுக்குப் போகும். தவறியவற்றின் எண்ணிக்கை இறுதியில் கிடைக்கும்.

## அறிகுறி 5: சிவப்புக் குறுக்குக்குறி, வருந்தும் ஐபாட் முகம், அல்லது உள்ளிருந்து 'டக் டக்' ஓசை

ஐந்தாம் தலைமுறையில் வருந்தும் முகமும் கிளாசிக்கில் சிவப்புக் குறுக்குக்குறியும், தட்டிலிருந்து மென்பொருளைப் படிக்க முடியவில்லை என்பதன் அடையாளம். ஒருமுறை மறுதொடக்கம், ஒருமுறை வட்டு முறை, இரண்டையும் மின்சாரத்தில் இணைத்தே முயலுங்கள். 'டக் டக்' என்று சீரான இடைவெளியில் ஓசை கேட்டால் முயற்சியை நிறுத்திவிடுங்கள். தட்டின் படிக்கும் முனை இடம் தேடித் திண்டாடும் ஓசை அது. ஒவ்வொரு முயற்சியும் எஞ்சியிருக்கும் பாடல்களுக்கு ஆபத்து. அந்தப் பாடல்கள் வேறெங்கும் இல்லாதவை என்றால், தரவு மீட்பவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் இதுதான்.

ஓசை இல்லாமல், அவ்வப்போது மட்டும் தடுமாறும் கருவியில், தட்டின் உடல்நிலையை எண்களாகப் பார்க்கலாம். மறுதொடக்கம் செய்து, சின்னம் தெரிந்தவுடன் நடுப் பொத்தானையும் பின்செல்லும் பொத்தானையும் சேர்த்துப் பிடியுங்கள். உள்சோதனைப் பட்டியல் வரும். அங்கே சக்கரத்தைத் தடவினால் நகராது. முன்செல்லும், பின்செல்லும் பொத்தான்களால் நகர்ந்து, நடுப் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். கைமுறைச் சோதனையைத் தேர்ந்து, `IO`, அதற்குள் `HardDrive`, அதற்குள் `HDSMARTData` என்று செல்லுங்கள்.

அங்கே இரண்டு வரிகள் போதும். `Reallocs` என்பது ஏற்கெனவே கெட்டு, மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. `Pending Sectors` என்பது படிக்க முடியாமல், இன்னும் முடிவு செய்யப்படாமல் இருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் 0 என்றால் தட்டை நம்பலாம். பேட்டரிப் பக்கம் தேடுங்கள். இரண்டாவது வரியில் ஓரிரு இலக்கம் இருந்தால், பாடல்களைப் படியெடுத்துவிட்டு `Restore` செய்து, எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றி, ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண் நிலைத்திருந்தால் கருவியைப் பயன்படுத்தலாம். அது ஏறிக்கொண்டே போனாலோ, நூற்றுக்கணக்கில் இருந்தாலோ அந்தத் தட்டுக்காக இனி நேரம் செலவிட வேண்டாம். சோதனையிலிருந்து வெளியேற, வழக்கமான மறுதொடக்கமே போதும்.

தட்டை மாற்றுவதென்றால், அதே அளவுள்ள 1.8 அங்குலப் பழைய தட்டைத் தேடுவதைவிட, அந்த இடத்தில் எஸ்டி அட்டை பொருத்தும் பலகையை வைப்பதே நல்லது. சுழலும் பாகம் இல்லாததால் பேட்டரியும் அதிக நேரம் தாங்கும். 2007, 2008-இல் வந்த கிளாசிக் மாதிரிகள் 128 ஜிபிக்கு மேல் முழுமையாகப் பயன்படுத்தா என்பதை அட்டை வாங்கும் முன் கவனியுங்கள்.

## அறிகுறி 6: சார்ஜ் நிற்பதில்லை, அல்லது முதுகுத் தகடு பிதுங்கியிருக்கிறது

பிதுங்கலை முதலில் பாருங்கள். கருவியைச் சமதளமான கண்ணாடிமீது முதுகு கீழாக வைத்து, ஒரு மூலையை அழுத்துங்கள். ஊஞ்சல்போல் ஆடினாலோ, முன்தகட்டுக்கும் முதுகுத் தகட்டுக்கும் இடையே ஒரு பக்கம் மட்டும் இடைவெளி விரிந்திருந்தாலோ, பேட்டரி உப்பியிருக்கிறது. உப்பிய பேட்டரி வன்தட்டை அழுத்துவதால் பாடல் நிற்பதும் அதன் விளைவாக இருக்கலாம். அதை இனி சார்ஜில் போடாதீர்கள், அமுக்கி மூடவும் முயலாதீர்கள். லித்தியம் பேட்டரியின் உறை கிழிந்தால் தீப்பற்றும். திறந்து பழக்கம் இல்லாதவர்கள் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள்; கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் சேருங்கள்.

பிதுங்கல் இல்லையென்றால், நான்கு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, திரையை அணைத்து, நடுத்தர ஒலியில் இடைவிடாமல் ஓடவிட்டு நேரத்தைக் குறியுங்கள். புதிதாக இருந்தபோது 30 ஜிபி ஐந்தாம் தலைமுறைக்கு 14 மணி நேரமும், 120 ஜிபி கிளாசிக்குக்கு 36 மணி நேரமும் சொல்லப்பட்டன. அதில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

### பேட்டரியை நீங்களே மாற்றலாமா

ஐந்தாம் தலைமுறையானால், பொறுமையுள்ளவர்கள் செய்யலாம். ஹோல்டைப் பூட்டிவிட்டு, பிளாஸ்டிக் நெம்புகோலை இரு தகடுகளின் இடைவெளியில் நுழைத்து, பக்கங்களைச் சுற்றிச் சிறிது சிறிதாகக் கொக்கிகளை விடுவிக்க வேண்டும். விடுபட்டதும் இரண்டு பாதிகளையும் வேகமாகப் பிரித்துவிடாதீர்கள். பேட்டரியின் ரிப்பனும், ஹெட்ஃபோன் துளையையும் ஹோல்டு விசையையும் இணைக்கும் ரிப்பனும் இரு பாதிகளையும் கோத்திருக்கின்றன. புத்தகத்தைத் திறப்பதுபோல் சற்றே விரித்து, பேட்டரி ரிப்பனைப் பிடித்திருக்கும் சின்னஞ்சிறு தாழ்ப்பாளை நகத்தால் மேலே தூக்குங்கள். அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே எழும். அதற்கு மேல் நெம்பினால் பலகையிலிருந்தே பிய்ந்து வந்துவிடும். பிய்ந்தால் ரிப்பனைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. பழைய பேட்டரி முதுகுத் தகட்டில் பசையால் ஒட்டியிருக்கும். அதைப் பிளாஸ்டிக்கால் மட்டும், வளைக்காமல், ஓரத்திலிருந்து உரியுங்கள்.

மூடிய பிறகு சக்கரம் வேலை செய்யவில்லை என்றால் பதற வேண்டாம். ஹோல்டு விசையின் ரிப்பன் சரியாக உட்காரவில்லை என்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம். கருவி தன்னைப் பூட்டியதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மறுபடி திறந்து அந்த ரிப்பனை நேராகச் செருகித் தாழ்ப்பாளை அழுத்துங்கள்.

கிளாசிக் மாதிரியைத் திறக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் முன்தகடு மெல்லிய உலோகம். கொக்கிகள் மிக இறுக்கமானவை. ஒருமுறை வளைந்த விளிம்பு மீண்டும் நேராவதில்லை. இந்த வேலையை ஏற்கெனவே செய்தவரிடம் கொடுத்து, கொடுக்கும்போதே இரண்டைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்பதையும், திறந்திருக்கும்போது வன்தட்டின் ரிப்பனை ஒருமுறை கழற்றிச் செருகிவிட வேண்டும் என்பதையும். மின்சாரத்தில் இணைத்து ஓட்டிப் பார்த்த முடிவையும், `HDSMARTData` பக்கத்தில் கண்ட இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கருவியோடு சேர்த்துக் கொடுங்கள்.